பழைய சரக்கை முன்னால் வைத்தும் மாத்திரை காலாவதியாவது ஏன்?

"மெடிக்கல் ஷாப்பில் முதலில் வந்ததைத்தான் முதலில் விற்கிறேன். அப்படியும் மாத்திரைகள் காலாவதியாகி நஷ்டம் வருகிறது. எங்கே தப்பு?"

வந்த தேதியைப் பார்க்கிறீர்கள், அதுதான் தப்பு. பின்னால் வரும் பெட்டி முன்னாலேயே காலாவதியாகலாம். பில்லோடு சரக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்சின் காலாவதி மாதத்தையும் பாருங்கள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு பிரஷர் மாத்திரை 40 அட்டை இருக்கிறது, காலாவதி நவம்பர். புதிதாக 30 அட்டை வருகிறது, காலாவதி ஜூன். மாதம் 10 அட்டை போகும். பழையதை முதலில் விற்றால் அது ஜூனில்தான் தீரும், புதிய 30 அட்டையும் அப்படியே குப்பைக்கு. மாற்றிச் செய்தால் புதியது மே மாதத்தோடு தீரும், பழையது செப்டம்பருக்குள் தீரும். ஒன்றும் வீணாகாது.

அட்டையில் ஜூன் என்றால் ஜூன் கடைசி நாள் வரை செல்லும். ஆனால் ஜூன் 20-ல் ஒரு மாத மருந்தாக அதைக் கொடுக்காதீர்கள், வாங்கியவர் ஜூலையிலும் சாப்பிடுவார். அப்புறம், அட்டையை வெட்டும்போது தேதி அச்சிட்ட பக்கத்தைக் கடையிலேயே மிச்சம் வையுங்கள். தேதி போன துண்டை எந்த வரிசையிலும் வைக்க முடியாது.