45 லட்சச் செலவை 28 லட்சம் என்கிறார்கள்

கேள்வி: என் மகள் பி.இ. முடித்து ஒரு கம்பெனியில் 28,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறாள். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, ஓராண்டு எம்.எஸ்சி. பிசினஸ் அனலிடிக்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ் 20,000 பவுண்டு. எல்லாம் சேர்த்து 28 லட்சம் போதும், பார்ட் டைம் வேலையிலேயே தவணையைக் கட்டிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். என் சம்பளம் 48,000. கையில் 5 லட்சமும் ஒரு சொந்த வீடும் இருக்கின்றன. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இந்தப் படிப்புக்காக, இவ்வளவு பெரிய தொகைக்கு வைக்காதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பணம் அனுப்பும் நாளில் அது ஏறினால் ஃபீஸும் ஏறும்.

ஃபீஸ் மட்டும் 24 லட்சம். அடுத்து, தங்கிச் சாப்பிடும் செலவு. லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு மாதம் 1,171 பவுண்டு வேண்டும் என்று பிரிட்டன் அரசே விசா விதியில் வைத்திருக்கிறது. ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்கு ஏறக்குறைய 17 லட்சம் வரும். விசா கட்டணம், அதோடு சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணம் (ஆண்டுக்கு 776 பவுண்டு, ஓராண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டுக்கு வாங்குவார்கள்) இரண்டுக்கும் 2 லட்சம். விமான டிக்கெட், காசநோய்ப் பரிசோதனை, வீட்டு அட்வான்ஸ், குளிருடுப்பு, லேப்டாப் எல்லாம் இன்னொரு 2 லட்சம். ஆக, 45 லட்சம்.

ஏஜென்ட்டின் 28 லட்சத்தில் ஃபீஸும் விசாவும் டிக்கெட்டும் இருக்கின்றன, உங்கள் மகள் அங்கே ஓராண்டு சாப்பிட்டுத் தங்கும் செலவு இல்லை. அதை "பார்ட் டைம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. 20 மணி நேரமும் தவறாமல் கிடைத்தால்கூட மாதம் 1,100 பவுண்டு. அது சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே முழுதாகப் போதாது. இதில் தவணை எங்கிருந்து வரும்? போன உடனே வேலையும் கிடைக்காது. கோடை விடுமுறையில் முழுநேரம் உழைத்துக்கொள்ளலாம் என்பார்கள். முதுநிலை மாணவருக்கு அந்த மாதங்கள் ஆய்வறிக்கை எழுதும் காலம், விடுமுறைக் கணக்கில் வராது. 20 மணி நேர வரம்பு அப்போதும் பொருந்தும்.

உங்கள் 5 லட்சம் போக 40 லட்சம் கடன். வீட்டை வைத்து வங்கியில் வாங்கினால் 10 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஓராண்டும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையும் முதலிலேயே எடுத்ததாகக் கொண்டால் இரண்டு ஆண்டில் 8 லட்சம் வட்டி சேரும். தவணை தொடங்கும் அன்று உங்கள் கடன் 48 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 63,400 ரூபாய் கட்ட வேண்டும். இடையில் வட்டியை மட்டும் கட்டி வரலாமே என்றால் அதுவே மாதம் 33,000-க்கு மேல். உங்கள் 48,000 சம்பளத்தில் அது முடியாது.

இனி வேலை. அங்கே குறைந்தபட்சக் கூலியில் முழுநேர வேலை கிடைத்தாலே வரி போக மாதம் 1,880 பவுண்டு அளவுக்குக் கையில் வரும். சிக்கனமாக இருந்தால் 63,400 ரூபாய் அனுப்பிவிடலாம். ஏஜென்ட் சொல்வதில் உண்மை இந்த அளவுக்கு இருக்கிறது. ஆனால் அது விசா இருக்கும் வரைதான். படிப்பு முடித்தபின் தங்கி வேலை பார்க்கும் கிராஜுவேட் விசா முன்பு இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம் மட்டுமே. அந்த விசாவுக்கும் மருத்துவக் கட்டணத்துக்கும் ஏறக்குறைய 3 லட்சம் ஆகும். மேலே சொன்ன 45 லட்சத்தில் அதைச் சேர்க்கவில்லை.

தேதிகளைப் பொருத்திப் பாருங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது அந்த 18 மாதத்தில் பெரும்பகுதி ஓடியிருக்கும். தவணை தொடங்கி ஓராண்டுக்குள் விசா முடிந்துவிடும். அந்த ஓராண்டில் ஒரு மாதம்கூடத் தவறாமல் 7.6 லட்சம் கட்டினாலும் பாக்கி 45 லட்சம் நிற்கும். வாங்கியது 40 லட்சம்.

அதற்குப் பிறகும் அங்கே இருக்க வேண்டுமானால் ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்ய வேண்டும். பட்டதாரி நிலை வேலையாகவும் இருக்க வேண்டும். கிடங்கிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பார்க்கும் வேலைக்கு ஸ்பான்சர் கிடைக்காது. பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் பாதி மட்டும் சொல்லித்தான் நிறையப் பேரை அனுப்புகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். படித்து முடித்து நேராக வேலைக்கு வருபவரைப் புதிதாக நுழைபவர் என்று கணக்கில் எடுத்து 33,400 பவுண்டு இருந்தாலே ஸ்பான்சர் செய்யலாம் என்கிறது விதி. நல்ல சலுகைதான். ஆனால் இது மொத்தம் நான்கு ஆண்டுக்குத்தான், கிராஜுவேட் விசாவில் கழித்த மாதங்களும் அந்த நான்கில் அடங்கும். 18 மாதம் அதில் போனால் மிச்சம் இரண்டரை ஆண்டு. அது முடிந்ததும் அதே கம்பெனி முழு வரம்புக்குச் சம்பளத்தை உயர்த்த வேண்டும். அதோடு, ஒவ்வொரு வேலைக்கும் அரசு தனியாக ஒரு சம்பள அளவு வைத்திருக்கிறது. புதிதாக நுழைபவருக்கு அதில் 70 சதவீதமும் 33,400-ம் பார்த்து, எது அதிகமோ அதைத் தர வேண்டும். கம்ப்யூட்டர் சார்ந்த வேலைகளில் அந்த அளவு அதிகம் என்பதால் 33,400 போதாமல் போகலாம். ஸ்பான்சர் செய்யக் கம்பெனி அரசுக்குக் கட்டும் பணம் வேறு. அனுபவமில்லாத ஒருவருக்காக இத்தனையும் செய்யக் கம்பெனிகள் தயங்குகின்றன. விண்ணப்பத்திலேயே "உங்களுக்கு ஸ்பான்சர் வேண்டுமா" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் ஒதுக்கிவிடுபவர்கள் பலர்.

உங்கள் மகளின் வாய்ப்பு என்ன என்பதைப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தாளில் தேடாதீர்கள். லிங்க்ட்இன் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய், Alumni என்ற பகுதியில், இதே படிப்பை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த இந்திய மாணவர்கள் முப்பது பேரைத் தேடச் சொல்லுங்கள். இன்று யார் எந்த வேலையில், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். படிப்புக்குச் சம்பந்தமான வேலையில் அங்கே இருப்பவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும். படிப்பு முடித்த தேதிக்குப் பிறகு ஒன்றுமே எழுதாதவர்களை வேலை கிடைக்காதவர்கள் பக்கம் சேருங்கள். அங்கே வேலையில் இருப்பவர்களின் கம்பெனிகள் Register of licensed sponsors: workers என்ற அரசுப் பட்டியலில் இருக்கின்றனவா என்று GOV.UK தளத்தில் பார்க்கலாம். பட்டியலில் பெயர் இருந்தால் உரிமம் இருக்கிறது என்று மட்டும் பொருள், வேலை இருக்கிறது என்று பொருள் இல்லை.

ஏஜென்ட் உங்களிடம் பணம் வாங்காமல் ஆலோசனை சொல்வதைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் முதலாண்டு ஃபீஸில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷனாகத் தருகிறது. உங்கள் மகளுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது அவர் கைக்குப் போய்விடும். நேராகக் கேளுங்கள்: "இந்த இடத்துக்கு உங்களுக்கு எத்தனை சதவீதம்? கமிஷன் தராத பல்கலைக்கழகம் ஒன்றாவது காட்டினீர்களா?" அப்புறம், கடன் போதாவிட்டால் விசாவுக்காக வங்கிக் கணக்கில் 28 நாள் பணம் காட்ட ஆள் இருக்கிறார், வட்டிக்குப் போட்டுத் தருவார் என்று ஒரு பேச்சு வரும். அந்த வாசலில் கால் வைக்காதீர்கள். பொய்யான பண ஆதாரம் என்று கண்டுபிடித்தால் விசா மறுப்போடு பத்து ஆண்டுத் தடையும் வரும். முறையான வங்கியின் கல்விக் கடன் ஒப்புதல் கடிதமே போதுமான ஆதாரம், அதற்கு 28 நாள் கணக்கும் இல்லை.

வங்கிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று உங்களை இரண்டு மாதம் அலைய வைப்பார்கள். படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள், அந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்ல மாட்டார்கள். வீட்டின் மதிப்பு போதும் என்றால் கடனும் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இதைக் கல்விக் கடன் என்று சொல்லவே எனக்குக் கோபமாக வருகிறது. ஏனென்றால் தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக் கடனாகும். அதற்குப் பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டை ஏலம் விடும் நடவடிக்கையைத் தொடங்கச் சர்பாசி சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கிடைக்குமுன் அந்த நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

சரி, எவ்வளவு கடன் வாங்கலாம்? மகள் திரும்பி வந்து இங்கே வேலை பார்ப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். இங்கே 35,000 சம்பளம் கிடைத்தால் அவளால் 15,000 கட்ட முடியும். நீங்கள் 15,000 போட்டால் மாதம் 30,000. அதே 10 சதவீதம், அதே பத்து ஆண்டு என்றால் இந்தத் தவணை தாங்குவது இன்றைய தேதியில் சுமார் 19 லட்சக் கடனை. உங்கள் 5 லட்சத்தைச் சேர்த்தால் 24 லட்சம். அது ஃபீஸுக்கு மட்டும்தான் சரியாகும்.

ஆகவே இந்த ஆண்டு முன்பணம் கட்ட வேண்டாம். சேரும் தேதியை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, ஃபீஸில் உதவித்தொகை உண்டா என்று உங்கள் மகளே பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதட்டும், ஏஜென்ட் வழியாக வேண்டாம். அந்த இடைவெளியில் இப்போதைய வேலையிலேயே டேட்டா சார்ந்த பொறுப்புக்கு மாற முடிந்தால் கையில் அனுபவம் சேரும். ஸ்பான்சர் செய்யும் கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான். ஜெர்மனியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விடும் முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டு, வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். மொழியைப் படிக்கத் தொடங்க இந்த ஓராண்டு உதவும்.

பிறகும் இங்கிலாந்துதான் என்று முடிவானால், கடன் கையெழுத்துப் போடும்போது ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருக்கிறார்களா என்று ஒப்புதல் கடிதத்தில் பாருங்கள். சேர்த்திருந்தால் பத்து ஆண்டுக்கு அதற்கும் வட்டி கட்டுவீர்கள். அது வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் செலவு குறையும். கடனுக்குக் கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.