நடு வருஷத்தில் வேலை மாறினால்: 12பி பற்றிய கேள்வி பதில்

“அக்கா, செப்டம்பர் வரை மாசம் ஒரு லட்சம், அக்டோபரிலிருந்து புது கம்பெனியில் 1.40 லட்சம். ரெண்டு இடத்திலும் டிடிஎஸ் பிடிக்கவே இல்லை. அப்போ வரி இல்லைதானே?”

இருக்கிறது தம்பி, கொஞ்சநஞ்சமில்லை. பழைய கம்பெனி உங்கள் வருஷச் சம்பளத்தை 12 லட்சம் என்று போட்டது. புது கம்பெனிக்குத் தெரிந்தது ஆறு மாச 8.40 லட்சம் மட்டும். ரெண்டு பேருமே தனித்தனியாக 75,000 நிலைக்கழிவு கொடுத்து, 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரித் தள்ளுபடியும் கொடுத்துவிட்டார்கள். உண்மைக் கணக்கு வேறு. 6 லட்சமும் 8.40 லட்சமும் சேர்ந்தால் 14.40 லட்சம். நிலைக்கழிவு ஒரே தடவைதான், மிச்சம் 13.65 லட்சம். 2025-26க்கான புது வரி முறையில் இதற்கு வரி 84,750, செஸ் சேர்த்தால் 88,140 ரூபாய்.

பழைய கம்பெனிச் சம்பளத்தைப் புது கம்பெனிக்குத் தெரிவிக்கும் படிவம்தான் 12பி. அதை அக்டோபரிலேயே கொடுத்திருந்தால் மாசம் 14,690 என்று போயிருக்கும். இப்போது ஜனவரியில் கொடுத்தால் மூன்று சம்பளத்தில் 29,380 வீதம் பிடிப்பார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, மார்ச் 15க்குள் நீங்களே அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டலாம். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஏப்ரலிலிருந்து மாசம் ஒரு சதவீத வட்டி. அட்வான்ஸ் டாக்ஸ் தவணை தவறியதற்குத் தனி வட்டி.

“நான்தான் சேர்ந்த அன்றே வாடகை ரசீது எல்லாம் வைத்து டிக்ளரேஷன் கொடுத்துவிட்டேனே, மேடம்?”

அது 12பிபி. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். அதில் வாடகை, முதலீடு போன்றவைதான் வரும், பழைய சம்பளம் வராது.

“பழைய கம்பெனி படிவம் 16 இருந்தால்தான் ஏற்போம் என்கிறார் ஹெச்ஆர். அவர்களோ ஜூனில் தருவோம் என்கிறார்கள்.”

ஜூன் என்பது சரிதான், கெடு ஜூன் 15. 12பிக்கு சம்பளச் சீட்டுகளும் ஃபைனல் செட்டில்மென்ட் தாளும் போதும் என்று ஹெச்ஆரிடம் சொல்லுங்கள். செட்டில்மென்ட் தாமதமாக வந்தால் திருத்திய 12பி கொடுங்கள். நான் முதல் வாரமே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், ரெண்டு மாசம் கழித்து வந்த விடுப்புப் பணத்தை மறந்தே போனேன். பிடித்த டிடிஎஸ் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பதை உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் பாருங்கள்.

“என் கேஸ் வேற. பிஎஃப்பை மொத்தமா எடுத்துட்டேன், மூணு வருஷ சர்வீஸ். அதையும் 12பியில் எழுதணுமா?”

12பியில் வேண்டாம், ரிட்டர்னில் காட்டுங்கள். ஐந்து வருஷம் முடியாததால் பொதுவாக வரி உண்டு. புது கம்பெனிக்கு மாற்றியிருந்தால் பழைய சர்வீஸும் சேர்ந்திருக்கும்.

“நோட்டீஸ் காலத்துக்கு 2 லட்சம் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வராத பணத்துக்கும் வரியா?”

படிவம் 16இல் பெரும்பாலும் முழுச் சம்பளமும்தான் வரும். கைக்கு வந்ததற்கு மட்டும் வரி போதும் என்று சில தீர்ப்பாயங்கள் ஊழியர் பக்கம் சொல்லியிருக்கின்றன, ஆனாலும் துறை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கழித்துக் காட்டினால் நோட்டீஸ் வரலாம். தொகை பெரிது, ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த 2 லட்சத்தைப் புது கம்பெனி திருப்பிக் கொடுத்தால் அதை உங்கள் சம்பளத்தோடுதான் சேர்ப்பார்கள்.