நிதித் தலைவர் கேட்கப்போகும் இரண்டு கேள்விகள்

கேள்வி: மாதாமாதம் ஆறு கிளைகளின் விற்பனை ஷீட்டுகளை நகலெடுத்து ஒரே கோப்பில் ஒட்டுவது என் வேலை. தினமும் தானாக ஓடும் ஒத்திசைவாக இதை மாற்றலாம் என்று நிதித் தலைவரிடம் சொல்ல நினைக்கிறேன். "இப்போது நன்றாகத்தானே போகிறது" என்று தட்டிக்கழித்துவிடுவாரோ என்று தயக்கம். எப்படி முன்மொழிவது?

பதில்:

"மாதத்தில் இரண்டு நாள் மிச்சம்" என்று தொடங்காதீர்கள். உங்கள் சம்பளம் எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கும்; அந்த இரண்டு நாளால் அவருடைய செலவுக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாது. நிதித் தலைவருக்குக் கவலை இரண்டுதான். இந்தத் தொகையில் எதுவும் விடுபடவில்லையா? நான் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகு இது மாறிவிடாதா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் முன்மொழிவை அவர் கடைசி வரி வரை படிப்பார். நான் ஒரு உதிரிபாக விநியோக நிறுவனத்தில் பகுப்பாய்வாளர். எங்களிடமும் கிளைகள் கூகுள் ஷீட்ஸில் பதிந்து அனுப்பும் ஏற்பாடுதான். எங்கள் நிதித் தலைவர் என்னிடம் கேட்டவையும் இவையே.

முதல் கேள்வியை ஓர் உதாரணத்தோடு விளக்குங்கள். சேலம் கிளையின் ஷீட்டில் 1,204 வரிகள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொகுப்புக் கோப்பிலும் 1,204 வரிகள் வந்து சேர்கின்றன. கிளை ஷீட்டின் கூட்டுத்தொகை ₹48,21,750; தொகுப்பிலும் அதேதான். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் கணக்கு மென்பொருளில் உள்ள விற்பனைப் பேரேடு ₹48,36,250 என்கிறது. வித்தியாசம் ₹14,500. யாரோ ஒரு தொகையை மின்னஞ்சலிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் சேர்ந்து வந்திருக்கிறது. அதனால் அந்தக் கட்டத்தில் இருப்பது எண் அல்ல, எழுத்து. SUM எழுத்தைக் கண்டால் பிழை எதுவும் காட்டாது, அதைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும். இரண்டு ஷீட்டிலும் ஒரே மாதிரி தாண்டிப் போவதால் இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போகின்றன.

தொகை இருக்கும் பத்தி F என்றால், கீழே உள்ள சூத்திரத்தை இன்றைக்கே உங்கள் பழைய கோப்புகளில் போட்டுப் பாருங்கள். விடை பூஜ்யமாக இருக்க வேண்டும். வேறு எண் வந்தால் அத்தனை கட்டங்களில் எழுத்து ஒளிந்திருக்கிறது.

```
=COUNTA(F2:F)-COUNT(F2:F)
```

ஆகவே ஷீட்டை ஷீட்டோடு ஒப்பிடுவது சோதனையே அல்ல. ஒவ்வொரு இரவும் கிளைவாரியாக வரிகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் பேரேட்டோடு ஒப்பிடப்பட வேண்டும். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் அந்தக் கிளையின் பகுதி சிவப்பாகி, அன்றைய அறிக்கை நின்றுவிட வேண்டும். பேரேட்டு மொத்தத்தை மென்பொருளிலிருந்து தானாக எடுக்க வழியில்லை என்றால் கணக்காளர் ஒருவர் மாதக் கடைசியில் ஆறு எண்களைத் தட்டினால் போதும். அந்த ஆறு எண்களை மட்டும் கையால் தட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; வேறொருவர் வேறோர் இடத்திலிருந்து எடுத்துத் தருவதில்தான் அந்தச் சோதனையின் பலம் இருக்கிறது.

தானாக ஓடுவதே பாதுகாப்பு என்று எழுதிவிடாதீர்கள், அவர் நம்பமாட்டார். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தானாகத்தான் எக்செல் கோப்புகளில் தொகுத்துவந்தது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மீதி வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்து, 15,841 தொற்றுகள் அன்றன்றைய கணக்கில் சேராமல் போயின. வந்த வரியும் சேர்ந்த வரியும் எண்ணிப் பார்க்கப்பட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டாவது கேள்விதான் உண்மையில் கடினமானது. முன்மொழிவுகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. கையால் ஒட்டும் முறைக்கு யாரும் கவனிக்காத ஒரு நற்குணம் உண்டு: ஒட்டிய கணத்தில் எண் உறைந்துவிடும். ஒத்திசைவில் அது உறைவதில்லை. ஏப்ரல் அறிக்கையை மே 7 அன்று இயக்குநர் குழுவுக்கு அனுப்புகிறீர்கள், விற்பனை ₹2,14,60,000. மே 12 அன்று மதுரை கிளை ஏப்ரல் 28 என்று தேதியிட்டு ₹1,80,000-க்கு ஒரு கிரெடிட் நோட் போடுகிறது. மறுநாள் நிதித் தலைவர் கோப்பைத் திறந்தால் ஏப்ரல் விற்பனை ₹2,12,80,000. கையில் உள்ள தாளில் ஒன்று, திரையில் வேறொன்று. இது ஒருமுறை நடந்தால் போதும், உங்கள் ஒத்திசைவை நிறுத்தச் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை.

எனவே மூன்று தனித்தனி ஷீட்டுகள் வேண்டும். முதலாவது "நடப்பு": ஒவ்வொரு இரவும் கிளைகளிலிருந்து புதிதாக நிரம்பும். இரண்டாவது "முடிந்த மாதம்": நிதித் தலைவர் மாதத்தை முடித்துவைக்கும் நாளில் சூத்திரம் இல்லாமல் வெறும் எண்களாக ஒருமுறை எழுதப்படும், அதன் பிறகு நிரலும் தொடாது, நீங்களும் தொடக் கூடாது. அறிக்கை இதிலிருந்து மட்டுமே போக வேண்டும். மூன்றாவது "பின்மாற்றம்": முதல் இரண்டையும் ஒப்பிட்டு, முடிந்த மாதத்துக்குள் பிறகு நுழைந்த பதிவுகளைக் கிளை, வவுச்சர் எண், தொகையோடு காட்டும். மே 13 காலையில் அதில் மதுரையின் ஒரே ஒரு வரி இருக்கும். ஏப்ரலைத் திருத்துவதா, மே மாதத்தில் எடுத்துக்கொள்வதா என்பது அவர் முடிவு.

முன்மொழிவில் நான் மிக அழுத்திச் சொன்னது இந்த மூன்றாவது ஷீட்டைத்தான். மாதாந்தரத் தாக்கலில் ஏப்ரல் மாத ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத் தாக்கலுக்குக் கடைசி நாள் மே 11. மே 12-ல் பின்தேதியிட்டு நுழையும் கிரெடிட் நோட், தாக்கல் செய்த கணக்கையும் பேரேட்டையும் அங்கேயே பிரித்துவிடுகிறது. ஒட்டும் முறையில் இது ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கண்ணில் படும்வரை தெரியாமலே இருக்கலாம், ஏனென்றால் ஏப்ரல் கோப்பை யாரும் திரும்ப எடுத்து ஒட்டுவதில்லை. நான் இதை விளக்கியபோது எங்கள் நிதித் தலைவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பட்டியலை எனக்குத் தனியாக அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். ஒப்புதல் அங்கேயே கிடைத்துவிட்டது.

தொழில்நுட்பத்துக்கு ஒரு பத்தி போதும். கூகுள் ஷீட்ஸின் நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில், குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் நேர டிரிகர் அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடும். நீங்கள் வேலையை விட்டு, உங்கள் கணக்கு மூடப்பட்டால் ஒத்திசைவும் நின்றுபோகும். நிதிப் பிரிவுக்கென்று ஒரு பொதுக் கணக்கு கேட்டு, அதில் அமையுங்கள். அந்தக் கணக்குக்குக் கிளை ஷீட்டுகளில் பார்க்கும் அனுமதி மட்டும் போதும், திருத்தும் அனுமதி வேண்டாம். தோல்வி அடைந்தால் மட்டும் மின்னஞ்சல் என்று வைக்காதீர்கள். வெற்றி பெற்றாலும் ஒவ்வொரு காலையும் "6 கிளைகள், இத்தனை வரிகள், இவ்வளவு தொகை" என்று ஒரு வரி வரட்டும். அந்த மின்னஞ்சல் வராத காலையில் ஏதோ நின்றுவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிடும். ஒதுக்கீடுகள், மாதக் கடைசிச் சரிக்கட்டுப் பதிவுகள் ஆகியவை தொடர்ந்து கையால்தான் போடப்படும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசியாக அவரிடம் கேட்க வேண்டியது முழு மாற்றத்துக்கான அனுமதி அல்ல. இரண்டு மாத முடிப்புகளுக்கு இரண்டு முறைகளும் சேர்ந்து ஓட அனுமதி. அந்த இரண்டு மாதமும் நீங்கள் ஒட்டும் கோப்புதான் அதிகாரபூர்வமானது. இரண்டுக்கும் இடையிலான ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் எழுதிக் கொடுங்கள். காரணம் தெரியாத வித்தியாசம் ஒன்று மிஞ்சினாலும் மூன்றாவது மாதமும் பழைய முறையே தொடரும் என்ற நிபந்தனையை அவர் கேட்பதற்கு முன் நீங்களே எழுதிவிடுங்கள்.