மேலாளரின் நம்பிக்கை செயற்கையாகத் தெரிகிறது

“இன்டர்ன் தவறை ஒப்புக்கொள்கிறாள், மேலாளர் பாராட்டுகிறார். கதை அங்கேயே படுத்துவிடுகிறது. என்ன செய்வது?”

பாராட்டை வெட்டிவிடுங்கள். மேலாளர் அவளிடம் அடுத்த வேலையை ஒப்படைக்கும் விதத்தில் நம்பிக்கை தெரியட்டும்.

கதை படுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முடிவில் இல்லை, தவறில்தான் இருக்கும். எப்படியும் பிடிபடக்கூடிய தவறை ஒப்புக்கொள்வதில் துணிச்சல் எங்கே? அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குமே தெரியாது என்றிருக்க வேண்டும். உதாரணமாக, செலவுப் பட்டியலில் கடைசியாக ஒரு வரிசை சேர்ந்திருக்கிறது. சூத்திரமோ பழையபடியே `=SUM(B2:B40)` என்று நிற்கிறது. 41வது வரிசை கூட்டலில் வரவில்லை. கோப்பையும் அனுப்பியாகிவிட்டது.

மறுநாள் காலை அவள் சொல்கிறாள்: “சார், நேற்று அனுப்பிய கூட்டுத்தொகை தவறு. ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது. திருத்திய கோப்பு இதோ. பழையது இரண்டு பேருக்குப் போயிருக்கிறது, அவர்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.” அழுகையும் வேண்டாம், நீண்ட மன்னிப்பும் வேண்டாம். (முதல் வரைவில் எல்லோரும் அவளை அழவைத்துவிடுகிறார்கள், நானும்தான்.)

மேலாளர் கேட்பது ஒன்றுதான்: “எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” வாரக் கடைசியில் அடுத்த பட்டியல் வருகிறது. வழக்கமாக ஒவ்வொரு வரியையும் பென்சிலால் டிக் அடிப்பவர், பென்சிலை எடுக்காமலே கையெழுத்திடுகிறார்.

சரிபார்க்க, மேலாளரின் வசனங்களை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அவர் நம்புகிறார் என்பது அப்போதும் புரிய வேண்டும்.

ஆனால் தவறால் பெரும் நஷ்டம் என்று வைத்தால் இந்த முடிவு ஒட்டாது. அவ்வளவு சீக்கிரம் யாரும் பென்சிலைக் கீழே வைப்பதில்லை.