சண்டை தீர்ந்த பின் போடும் படத்துக்கு ஒரு வரி

கேள்வி: பல வருஷம் பேசாமலிருந்த பழைய நண்பரோடு சமாதானமாகிவிட்டேன். சேர்ந்து எடுத்த படத்தைப் போடப்போகிறேன். சண்டை விவரம் எதுவும் வெளியே தெரியாமல் கீழே என்ன எழுதலாம்?

சென்ற ஆண்டு இதே நிலையில் நானும் இருந்தேன். மும்பை மாட்டுங்காவில், மகேஸ்வரி உத்யானுக்கு அருகிலுள்ள ஓர் உணவகத்தில் என் பள்ளித் தோழனைச் சந்தித்துவிட்டு, அன்று இரவே இன்ஸ்டாகிராமில் போடுவதற்காக, "ஆறு வருடங்களுக்குப் பிறகு ஒருவழியாக மீண்டும் பேசிவிட்டோம்" என்று எழுதினேன். விவரம் எதையும் சொல்லவில்லை என்றே நினைத்தேன். பதிவிடுமுன் அவனுக்கு அனுப்பிக் காட்டியபோது, "இதற்கு நீ முழுக் கதையையும் எழுதியிருக்கலாம்" என்று பதில் வந்தது.

அவன் சொன்னது சரிதான். "மீண்டும்" என்றால் இடையில் பேச்சு நின்றது தெரிந்துவிடும். "ஒருவழியாக" என்றால் யாரோ ஒருவர் பிடிவாதமாக இருந்தார் என்ற குறிப்பும் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது அந்த "ஆறு". எங்கள் இருவரையும் அறிந்த மாட்டுங்காக்காரர்கள் விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினால், அந்த ஆண்டில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பது வரை போய்விடுவார்கள். "மன்னித்துவிட்டேன்", "புரிந்துகொண்டான்" போன்ற சொற்கள் இன்னும் ஆபத்தானவை, ஏனெனில் அவை தவறு யாருடையது என்பதையே தீர்ப்பாகச் சொல்லிவிடுகின்றன. (தமிழில் எழுதினால் அலுவலகத்தில் யாருக்கும் புரியாது என்றும் நம்பியிருக்காதீர்கள், மொழிபெயர்க்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது.)

ஆகவே சண்டையையும் சமாதானத்தையும் விட்டுவிட்டு, அந்த நாளில் கண்ணெதிரே இருந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். அதிலும் உங்கள் நண்பருக்கு மட்டும் கூடுதலாக ஏதேனும் சொல்லக்கூடிய ஒன்றாக அது இருக்கட்டும். "நாங்கள்" என்று தொடங்கினால் நண்பரை அருகில் வைத்துக்கொண்டு ஊருக்கு அறிவிப்பதாகிறது, "நாம்" என்றால் ஊரை நிற்கவைத்து நண்பரிடம் பேசுவதாகிறது. எழுவாயையே விட்டுவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. தமிழ் அதற்கு இடம் தருகிறது.

நான் கடைசியில் போட்ட வரி இது: "மாட்டுங்கா. இரண்டு காபி. ஒன்றில் சர்க்கரை இல்லை." படத்தில் எங்கள் முகங்கள் இல்லை, இரண்டு டம்ளர்களும் டபராக்களும் மட்டுமே இருந்தன. பார்த்தவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காபி. அவன் பதின்ம வயதிலிருந்தே சர்க்கரை போடாமல் குடிப்பவன் என்பதும், அன்று அவனைக் கேட்காமலே பரிமாறுபவரிடம் நான் அதைச் சொன்னேன் என்பதும் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அவனுடைய ஒப்புதல் இல்லாமல் பெயரை இணைக்க வேண்டாம் என்று விட்டிருந்தேன். "யாரோடு?" என்று ஒருவர் கேட்டதற்கு நான் பதில் எழுதுவதற்குள், "என்னோடுதான், காபிக் காசு இன்னும் பாக்கி" என்று அவனே எழுதிவிட்டான்.