தாமதம் எதுவரை தாங்கும்? சிறப்பியல்புச் சமன்பாடு பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றை ஒரே உதாரணத்தை வைத்துத் தீர்த்துவிடலாம். நன்றாகக் கலக்கிவிடப்படும் ஒரு வெந்நீர்த் தொட்டி. சென்சார் தொட்டிக்குள் இல்லை. வெளியேறும் குழாயில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. தண்ணீர் அங்கே போய்ச் சேரும் நேரம்தான் தாமதம் τ. வேண்டிய வெப்பநிலையிலிருந்து விலகல் x என்றால்:

x'(t) = −a·x(t) − b·x(t−τ)

a தொட்டியின் இயல்பான தணிவு, b கன்ட்ரோலரின் பங்கு. நிமிடத்துக்கு a = 1, b = 2 என்று வைத்துக்கொள்வோம். x = e^(st) என்று போட்டால் சிறப்பியல்புச் சமன்பாடு கிடைக்கும்: s + 1 + 2e^(−sτ) = 0.

கேள்வி: இந்தச் சமன்பாட்டுக்கு எண்ணற்ற மூலங்கள் உண்டு என்கிறார்கள். எல்லாவற்றையும் கண்டுபிடிக்காமல் நிலைத்தன்மையை எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும் தேட வேண்டியதில்லை. எல்லா மூலங்களும் கற்பனை அச்சுக்கு இடப்பக்கம் இருந்தால் விலகல் அடங்கிவிடும், அமைப்பு நிலையானது; ஒன்று வலப்பக்கம் போனாலும் விலகல் வளரும். இந்த வகைச் சமன்பாட்டில் எந்தச் செங்குத்துக் கோட்டை வரைந்தாலும் அதற்கு வலப்பக்கம் இருக்கும் மூலங்கள் எண்ணி முடிக்கக்கூடியவைதான். மற்றவை இடப்பக்கம் தூரத்தில் கிடக்கின்றன. τ-வைச் சுழியத்திலிருந்து மெல்லக் கூட்டினால் மூலங்களும் தொடர்ச்சியாக நகரும். புதிதாக முளைப்பவை இடது முடிவிலியிலிருந்து வருகின்றன. ஆகவே ஒரு மூலம் வலப்பக்கம் போக வேண்டுமானால் கற்பனை அச்சைத் தாண்டித்தான் போக வேண்டும். τ = 0-இல் எத்தனை மூலங்கள் வலப்பக்கம் உள்ளன, பிறகு எந்த τ-வில் அச்சைத் தொடுகின்றன, தொட்டபின் எந்தத் திசையில் போகின்றன என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

நம் தொட்டியில் τ = 0 என்றால் s = −3. அதாவது தொடக்கத்தில் நிலையானது.

கேள்வி: s = jω போட்டு எனக்கு τ = 0.6046 வந்தது. சிமுலேஷனில் 0.9 வரை போனாலும் அலைவு அடங்கிவிடுகிறது. எங்கே தவறு?

உங்கள் சிமுலேஷன் சரி. கணக்கில் கோணம் தவறான கால்பகுதிக்குப் போய்விட்டது. s = jω என்று போட்டு மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் பிரித்தால்:

1 + 2cos(ωτ) = 0
ω − 2sin(ωτ) = 0

cos, sin இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் τ மறைந்துவிடும்: ω² + 1 = 4, ஆக ω = √3 = 1.732. இதுவரை நீங்களும் சரியாகவே வந்திருப்பீர்கள். அப்புறம் sin(ωτ) = 0.866 என்பதை மட்டும் எடுத்து கால்குலேட்டரில் தலைகீழ் சைன் போட்டிருக்கிறீர்கள்; அது 60° தரும். ஆனால் cos(ωτ) = −1/2. சைன் நேர்மம், கோசைன் எதிர்மம் என்றால் கோணம் இரண்டாம் கால்பகுதியில்தான் இருக்க முடியும்: 120°, அதாவது 2.0944 ரேடியன். அதை 1.732-ஆல் வகுத்தால் τ = 1.2092 நிமிடம்.

எனவே 0 ≤ τ < 1.2092 வரை நிலையானது. குழாயில் தண்ணீர் நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் ஓடினால், ஏறக்குறைய 72.5 நொடியில் 7.25 மீட்டர் போகும். சென்சாரை அதற்கு மேல் தள்ளி வைத்தால் வெப்பநிலை அலைவு வளர்ந்துகொண்டே போகும். எல்லையை ஒட்டி வைப்பதும் ஆகாது. அங்கே அலைவு அடங்க வெகுநேரம் பிடிக்கும்.

விடையைச் சரிபார்க்க, லாம்பெர்ட் W சார்பு வழியாக வலக்கோடி மூலத்தையே நேரடியாக எடுக்கலாம்:

```python
import numpy as np
from scipy.special import lambertw
a, b = 1.0, 2.0
for tau in (0.6, 1.2, 1.22):
    s = lambertw(-b*tau*np.exp(a*tau), 0)/tau - a
    print(tau, s)
```

1.2-க்கும் 1.22-க்கும் நடுவில் மெய்ப்பகுதியின் குறி மாறுவதைப் பாருங்கள்.

கேள்வி: பாடே தோராயம் போட்டு ரவுத் அட்டவணையில் பார்த்தேன். τ < 2 என்று வருகிறது. எதை நம்புவது?

1.2092-ஐ நம்புங்கள். நீங்கள் போட்டது முதல் படிப் பாடே: e^(−sτ) ≈ (1 − sτ/2)/(1 + sτ/2). அதைச் சமன்பாட்டில் வைத்தால் (τ/2)s² + (1 − τ/2)s + 3 = 0 என்றாகி, τ < 2 என்ற நிபந்தனை வருவது உண்மைதான். இந்தப் பின்னத்தின் அளவு கற்பனை அச்சில் எப்போதும் 1 என்பதால் ω சரியாகவே √3 வருகிறது. பிசகுவது கோணம் மட்டும்: உண்மையான தாமதம் ωτ அளவு பின்தள்ளுகிறது, பாடே 2·arctan(ωτ/2) அளவே தள்ளுகிறது. கோணம் சிறிதாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். 120° வரும்போது வித்தியாசம் பெரிது. அதுவும் ஆபத்தான பக்கமாக, இருப்பதைவிட அதிக தாமதம் தாங்கும் என்று காட்டுகிறது. இரண்டாம் படிப் பாடே போட்டால் 1.236 வரும், அதுவும் உண்மையைவிடக் கூடுதல்தான்.

ஆனால் உங்கள் உழைப்பு வீணில்லை. 1980-இல் ரெகாசியஸ் முன்வைத்த வழி இதையே சரியான விடையாக்குகிறது. பின்னத்தில் τ/2 இருக்கும் இடத்தில் T என்ற தனி மாறியை வைத்து, அதை τ-விலிருந்து பிரித்துவிட வேண்டும். ரவுத் அட்டவணை T = 1, ω = √3 என்று தரும். பிறகு τ = (2/ω)·arctan(ωT) என்று திருப்பினால் 2 × 60° = 120°, அதே 1.2092. இது தோராயமே அல்ல. கற்பனை அச்சின் மேல் துல்லியமானது.

கேள்வி: b-யைக் குறைத்தால் எல்லை கூடுமா?

கூடும். b < a ஆகிவிட்டால் எல்லையே இருக்காது: ω² = b² − a² எதிர்மமாகி, அச்சைத் தொட ஒரு ω-வும் கிடைக்காது. தாமதம் எவ்வளவானாலும் தொட்டி நிலையாக இருக்கும். பதிலுக்கு, கன்ட்ரோலர் மெத்தனமாகிவிடும்.

கேள்வி: தாமதம் குறைந்தால் எப்போதும் நல்லதுதானே?

இல்லை. x'' − 0.1x' + 2x = x(t−τ) என்ற அமைப்பைப் பாருங்கள். τ = 0-இல் s² − 0.1s + 1 = 0; தணிப்பு எதிர்மம், ஆகவே நிலையற்றது. இப்போது சிறு τ-வுக்கு x(t−τ) ≈ x − τx' என்று எழுதுங்கள். தணிப்புக் கெழு (τ − 0.1) ஆகிறது. தாமதம்தான் இங்கே தணிப்பைத் தருகிறது!

துல்லியமாகச் செய்தால் (2 − ω²)² + 0.01ω² = 1. W = ω² என்று வைத்தால் W² − 3.99W + 3 = 0; விடைகள் 1.005, 2.985. சிறியது ω = 1.0025, முதலில் τ = 0.1002-இல் அச்சைத் தொடுகிறது; பெரியது ω = 1.7277, τ = 1.7179-இல். எந்தத் திசையில் தாண்டுகிறது என்பதை இந்த W கோவையின் சாய்வே சொல்லிவிடும்: 2W − 3.99 எதிர்மம் என்றால் மூலம் இடப்பக்கம் வருகிறது, நேர்மம் என்றால் வலப்பக்கம் போகிறது. வால்டனும் மார்ஷலும் 1987-இல் தந்த முறையின் அழகே இதுதான். τ-வே இல்லாமல் திசை தெரிந்துவிடுகிறது.

ஆக 0.1002 < τ < 1.7179-இல் நிலையானது. அதற்கு மேல் மறுபடி நிலைக்குமா என்று தேட வேண்டாம். வலப்பக்கத் தாண்டல் 2π/1.7277 = 3.637-க்கு ஒருமுறையும், இடப்பக்கத் தாண்டல் 6.267-க்கு ஒருமுறையும் வருகின்றன. போகிறவை வருகிறவற்றைவிட எப்போதும் முந்திக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் தாமதம் நெட்வொர்க்கில் ஏறி இறங்குகிறது. உச்சம் எல்லைக்குள் இருந்தால் போதுமா?

போதாது. மேலே கண்ட எல்லைகள் எல்லாம் மாறாத τ-வுக்கு உரியவை. a = 0 என்று வைத்த எளிய அமைப்பிலேயே இது தெரியும்: x' = −b·x(t−τ)-வுக்கு மாறாத தாமதத்தில் எல்லை bτ < π/2, அதாவது 1.5708. τ விருப்பம்போல மாறலாம் என்றால் உறுதி தரக்கூடிய எல்லை 1.5-ஆகச் சுருங்குகிறது, மிஷ்கிஸ் 1951-இல் காட்டியது. இங்கே சுருக்கம் சிறிது. உங்கள் அமைப்பில் அது எவ்வளவு என்பதைச் சிறப்பியல்புச் சமன்பாடு சொல்லாது, ஏனென்றால் τ மாறும்போது e^(st) விடையாகவே இருப்பதில்லை. அதற்கு லியாபுனோவ்–கிராசோவ்ஸ்கி சார்புகள் வழியாகப் போக வேண்டும். அது முடியாவிட்டால், பெறும் முனையில் பஃபர் வைத்துத் தாமதத்தை உச்ச அளவிலேயே நிலையாக நிறுத்துங்கள். அப்போது மேலே உள்ள கணக்கு அப்படியே பொருந்தும்.