தகரக் கூரைக்குக் கீழே மரநாரா, ராக்வூலா?

"சுங்கை சிப்புட்டில் தகரக் கூரை வீடு. வெயில் சூட்டைத் தடுக்க, ஈரத்தை இழுத்து விடும் மரநார் போடவா, கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வூல் போதுமா?"

ராக்வூல் போதும் அண்ணே. மரநாரும் பழைய பருத்தியும் ஈரத்தை உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் உறிஞ்சியதை வெளியே விட, காற்று காய வேண்டும். நம்மூரில் ராத்திரி முழுக்கக் காற்றே நனைந்து கிடக்கிறது. பகல் வெயிலில் காய்வது பாதிதான். அப்புறம் பூஞ்சை, கரையான். ஐரோப்பாவிலிருந்து வரும் மரநாருக்குக் கப்பல் கூலி வேறு.

ராக்வூல் இழை ஈரம் குடிக்காது. ஒழுகி நனைந்தால் மட்டும் காயும்வரை பலன் குறையும். பாலியஸ்டரும் குடிக்காது, ஆனால் தீயில் உருகும்.

விடியற்காலை தகரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். முத்து முத்தாக நீர் இருந்தால், அலுமினியத் தாள் ஒட்டிய ராக்வூலை வாங்கி, தாள் மேலே பார்க்க, தகரத்தில் படாமல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். ஏர்கோன் அறைக்கும் இதே பக்கம்தான்: ஈரம் வெளியிலிருந்துதான் உள்ளே வருகிறது.